பொன்னுக்கு வீங்கி: விடுதித் தம்பிகளுக்கு வார்டன் எழுதுவது

தம்பிகளே, நம் விடுதியில் சிலருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திருக்கிறது. எல்லோரும் என்னிடம் கேட்பது "எத்தனை நாள் சார் தனியா இருக்கணும்?" என்பதுதான். கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் குழப்பம் வருகிறது. அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி வரும், சாப்பாடு பிடிக்காது. ஓரிரு நாளில் காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் வீங்கும். கண்ணாடியில் பார்த்தால் தாடையின் கோணம் மறைந்து, காது மடல் சற்று மேலே தள்ளி நிற்கும். ஊறுகாயை நாக்கில் வைத்தாலே அந்த இடம் சுரீரென்று வலிக்கும். ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலும் சொல்லுங்கள். பல்லில் சீழ் வைத்தாலும் வீங்கும் என்பதால் டாக்டர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு காய்ச்சல் வந்த நாளில் தொடங்காது, வீக்கம் தெரிந்த நாளில்தான் தொடங்கும். ஒரு தம்பிக்குத் திங்கட்கிழமை மாலை வீங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் முதல் நாள், சனி ஐந்தாம் நாள். அதுவரை கீழ்த்தளத்துத் தனி அறை, தனிக் கழிவறை. சாப்பாடு மெஸ்ஸிலிருந்து அங்கேயே வரும். ஞாயிறன்று, மாத்திரை போடாமலே ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் இல்லாதிருந்தால் அறைக்குத் திரும்பலாம். புதன்கிழமை மறுபக்கம் வீங்கினாலும் கணக்கை மறுபடி தொடங்க வேண்டாம். வீட்டில் தங்கச் சங்கிலி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் நாள் குறையாது.

வீக்கம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே எச்சில், இருமல் வழியாக நோய் பரவத் தொடங்கிவிடும். அந்தத் தம்பியோடு சனி, ஞாயிறில் ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தவர்களும் அறை நண்பர்களும் என்னிடம் பெயர் கொடுங்கள். உங்களைத் தனிமைப்படுத்த மாட்டேன், வகுப்புக்குப் போகலாம். ஆனால் நோய் வெளிப்பட 12 முதல் 25 நாள் வரை ஆகலாம். அதனால் 25 நாள் வரை காய்ச்சலோ வீக்கமோ வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால் பஸ் ஏறி ஊருக்குக் கிளம்பாதீர்கள், முதலில் எனக்கு போன் செய்யுங்கள். வருகைப் பதிவுக்குக் கல்லூரிக்குக் கடிதம் நான் கொடுக்கிறேன். அதற்குப் பயந்து யாரும் மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, வெட்கப்படாமல் படியுங்கள். வீக்கம் வந்து சில நாளில் விதை வீங்கி வலிக்கலாம். அப்படியானால் இரவானாலும் கதவைத் தட்டுங்கள், அன்றே டாக்டரிடம் போவோம். கழுத்து விறைப்பு, தொடர் வாந்தி, கடும் வயிற்று வலி, காது கேட்பதில் குறை இவற்றுக்கும் அப்படித்தான்.

அரசு அட்டவணையில் போடும் எம்.ஆர். ஊசியில் இந்த நோய்க்கான மருந்து கிடையாது, எம்.எம்.ஆரில்தான் உண்டு. இன்றிரவே அம்மாவிடம் சொல்லி உங்கள் தடுப்பூசி அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் எம்.எம்.ஆர். இல்லாதவர்கள் என்னை வந்து பாருங்கள்.