மேலோட்டச் சோதனையா, தொட்ட இடச் சோதனையா?

"ஹாட்ஃபிக்ஸ்தானே, மேலோட்டச் சோதனை போதும்." இந்த மாதத்தில் இதை நான்காவது முறையாகக் கேட்டுவிட்டேன்.

ஹாட்ஃபிக்ஸில் உள்ள 'ஹாட்' சூடு அன்று. மின்சாரம் பாயும் கம்பியைப் போல, ஓட்டத்தில் இருக்கும் அமைப்பை அது குறிக்கிறது. நிறுத்தாமலே செய்யும் பழுதுநீக்கம் என்பது பழைய பொருள்; இன்று வழக்கமான வெளியீட்டுக்குக் காத்திராத எந்தத் திருத்தத்துக்கும் அதுவே பெயர். 'உடனடித் திருத்தம்' என்றால் விளங்கும். 'சூடான திருத்தம்' என்று எழுதுபவர்களோடு வாதாட எனக்குப் பொறுமையில்லை.

என் சண்டை சோதனையின் பெயரோடு. ஸ்மோக் டெஸ்ட், சானிட்டி டெஸ்ட் என இரண்டு உண்டு. முதலாவது அகலமானது, ஆழமற்றது: எல்லாப் பக்கமும் திறக்கிறதா என்று பார்ப்பது. அதை மேலோட்டம் என்றால் தகும். இரண்டாவது, பலரும் கொள்ளும் பொருளில், குறுகலானது, ஆழமானது: மாற்றிய இடத்தையும் அதை ஒட்டியவற்றையும் துருவுவது. உடனடித் திருத்தத்துக்கு முதலில் வேண்டியது இதுதான். இரண்டுக்கும் 'மேலோட்டம்' என்று ஒரே சொல்லை ஒட்டியவர் சோதித்தே பார்க்காதவராக இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு. பொருளின் விலை 400, கூப்பன் 500. செலுத்த வேண்டிய தொகை -100 ஆகிப் பணம் செலுத்தும் பக்கம் முறிகிறது. திருத்தம் ஒரே வரி:

```
payable = max(0, total - coupon)
```

மேலோட்டமாகப் பார்ப்பவர் உள்நுழைவார், ஒரு பொருளைக் கூப்பன் இல்லாமல் வாங்குவார், எல்லாம் சரி என்பார். திருத்திய வரி அவர் கண்ணில் படவே இல்லை. தொட்ட இடத்தைப் பார்ப்பவர், பிழையைப் பழைய பதிப்பில் முதலில் வரவழைத்துக் காண்பார். பிறகு 499, 500, 501 என மூன்று விலைகளைப் போடுவார். 499இலும் 500இலும் தொகை 0. பணம் பெறும் சேவை 0 தொகையை மறுக்கிறது! பழைய பிழை போய்ப் புதியது வெளிப்படுகிறது. அடுத்து, இதே தொகையை வேறு எது எடுத்துக்கொள்கிறது என்று நிரலில் தேடுவார். பணம் திருப்பித் தரும் பகுதி முழுக் கூப்பனையும் கழித்துக்கொண்டிருந்தால் அங்கே இன்னும் -100தான். இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். முழுப் பின்னடைவுச் சோதனைக்கு நாள் கணக்கில் ஆகலாம்.

எனவே சானிட்டி டெஸ்டை 'தொட்ட இடச் சோதனை' என்கிறேன். அழகில்லை என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் முகம் சுளித்தார். 'நல்லறிவுச் சோதனை' என்பது அவர் ஆக்கம். யாருடைய அறிவைச் சோதிக்கிறோம் என்று கேட்டேன், பதிலில்லை.

என் சொல் இன்னொரு கேள்வியையும் கேட்க வைக்கிறது: உண்மையில் எதைத் தொட்டோம்? பயனர்களிடம் ஓடும் பதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்:

```
git diff v2.4.1..hotfix
```

ஒரு வரி வர வேண்டிய இடத்தில் நாற்பது கோப்புகள் வந்தால், கிளை தவறான இடத்திலிருந்து பிரிந்திருக்கிறது. வெளியிடாத வேலையும் கூடவே போகப்போகிறது. அப்போது அரை மணி நேரம் போதாது. கிளையை v2.4.1இலிருந்து மறுபடி பிரித்து, அந்த ஒரு வரியை மட்டும் கொண்டுவர வேண்டும்.