அம்மாவின் போன் திரை உங்கள் கைக்கு வருவது எப்படி?

"போன் மணியே அடிக்க மாட்டேங்குதுப்பா" என்று அம்மா சொல்கிறார். நீங்கள் வேறொரு நாட்டில் இருக்கிறீர்கள். இரண்டு பேர் போனிலும் எனிடெஸ்க், டீம்வியூவர் போல ஏதோ ஒரு ஆப் இருக்கிறது. அவர் ஒரு எண்ணைப் படித்துச் சொல்ல, நீங்கள் அதை உங்கள் பக்கம் போடுகிறீர்கள்.

அந்த எண் எதற்கு? வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் போனை வெளியிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது. உள்ளிருந்து கிளம்பும் இணைப்பைத்தான் ரவுட்டர் அனுமதிக்கும். அதனால் இரண்டு போனும் தாமாகவே அந்த நிறுவனத்தின் சர்வருக்கு இணைப்பு போட்டு வைக்கின்றன. எண்ணை வைத்து சர்வர் இருவரையும் சேர்த்துவிடுகிறது. அப்புறம் இரண்டும் நேரடியாகப் பேச முயலும். அது நடக்காவிட்டால் எல்லாத் தகவலும் சர்வர் வழியாகவே போய்வரும்.

இணைந்ததும் அம்மாவின் ஆண்ட்ராய்டு போனில் திரையைப் பகிரலாமா என்று ஒரு கேள்வி வரும். அதற்கு அவர்தான் சம்மதிக்க வேண்டும், உங்களால் அதைத் தொட முடியாது. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. முழுத் திரையா, ஒரே ஒரு ஆப் மட்டுமா என்றும் போன் கேட்கும். அவர் ஒரு ஆப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அந்த ஆப் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். அவர் செட்டிங்ஸைத் திறந்துவிட்டதாகச் சொல்லும்போது உங்கள் பக்கம் எதுவும் மாறவில்லையா? நெட்டைக் குறை சொல்லாதீர்கள். பகிர்வை நிறுத்திவிட்டு, முழுத் திரையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

சரி, படம் வந்துவிட்டது. அது வீடியோவாக வருகிறது, ஆனால் முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதிதான் பெரும்பாலும் அனுப்பப்படுகிறது. அதனால்தான் அசையாத திரை தெளிவாக இருக்கும், வேகமாக நகர்த்தினால் கட்டம் கட்டமாகக் கலங்கி, நின்றதும் தெளியும்.

நீங்கள் பார்ப்பது எப்போதும் சற்றுப் பழைய திரை என்பதையும் மறந்துவிடக் கூடாது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். 8,000 கிலோமீட்டர் தூரத்துக்குப் போய்வர மட்டுமே 80 மில்லி நொடி ஆகிறது. கேபிள் சுற்றிப் போகும் கூடுதல் தூரம், வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நேரம் எல்லாம் அதற்கு மேல். பலர் தடுமாறுவது இங்கேதான். மணியை அடக்கி வைத்திருக்கும் Do Not Disturb பொத்தானைத் தட்டுகிறீர்கள், ஒன்றும் நடக்காதது போல இருக்கிறது, மறுபடி தட்டுகிறீர்கள். முதல் தட்டல் அதை அணைத்திருக்கும், இரண்டாவது மறுபடியும் போட்டுவிட்டிருக்கும்! ஒரு தட்டு தட்டிவிட்டு, படம் மாறும்வரை கையை எடுத்து வைத்திருங்கள்.

பார்ப்பதற்கும் தொடுவதற்கும் அனுமதி வேறு வேறு. நீங்கள் தட்டும்போது அங்கே போவது, திரையின் எந்த இடம் என்ற கணக்கு மட்டுமே. அந்த இடத்தில் உண்மையான விரல் பட்டது போல நடத்திக்காட்ட, பல ஆண்ட்ராய்டு போன்களில் Accessibility என்ற வசதி தேவை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் கையை எளிதாக அசைக்க முடியாதவர்களும் போனைப் பயன்படுத்த உருவான வசதி அது. ஐபோனில் மற்ற நிறுவனங்களின் ஆப்களுக்குத் திரையைப் பார்க்க மட்டுமே வழி உண்டு. ஐஓஎஸ் 18 முதல் ஆப்பிளின் சொந்த ஃபேஸ்டைம் வழியாகத் தொட்டு இயக்கலாம்.

வங்கி ஆப்பைத் திறந்ததும் படம் கருப்பாகிவிடுகிறதா? ஆப்பை எழுதியவர்கள் தங்கள் திரைக்கு `FLAG_SECURE` என்ற குறியைப் போட்டிருப்பார்கள். அந்தக் குறி இருந்தால், பகிரும் படத்தில் அந்தப் பகுதியை ஆண்ட்ராய்டே காட்டாமல் விட்டுவிடும். மேலே கடிகாரமும் பேட்டரிக் குறியும் தெரிந்து, கீழே மட்டும் கருப்பாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். விண்டோஸ் லேப்டாப்பிலும் இதே போல நடக்கும். விண்டோஸின் தொலை உதவி ஆப்பான குவிக் அசிஸ்டில் (`Ctrl + Windows + Q`) உதவும்போது நிர்வாகி அனுமதி கேட்கும் பெட்டி வந்தால், விண்டோஸ் அதைத் தனித் திரையில் காட்டும், உங்களுக்குப் படம் வராது. "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியல, அந்தப் பெட்டியில என்ன பேர் போட்டிருக்குன்னு படிங்க" என்று கேட்டு, பெயர் சரியாக இருந்தால் மட்டும் Yes அழுத்தச் சொல்லுங்கள்.

இந்தத் தடைகளைச் சுற்றிப் போகும் வழியைத் தேடாதீர்கள். வங்கி ஊழியர் என்று பொய் சொல்லி யாராவது அம்மாவிடம் அதே எண்ணைக் கேட்டு வாங்கினாலும், அவரையும் தடுக்கக்கூடியது இதே கருப்புத் திரைதான். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டித்தால் பார்க்கும் அனுமதி போய்விடும், Accessibility அனுமதி போகாது. அதனால் துண்டிப்பதற்கு முன்பே செட்டிங்ஸில் Accessibility பட்டியலைத் திறந்து, ஆப்பின் பெயருக்கு நேரே இருப்பதை அம்மாவையே அணைக்கச் சொல்லுங்கள். அணைந்ததும் உங்கள் தட்டல் அங்கே வேலை செய்யாது. ஒருமுறை தட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம்.