பன்னிரண்டை மூன்றால் வகுப்பதா, மூன்றைப் பன்னிரண்டாலா?

ஜெர்மனியில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். குடும்பம் சிரியாவிலிருந்து வந்தது, அம்மாவுக்கு அரபிதான் தெரியும். பையனின் வீட்டுப்பாடத் தாளைக் கைபேசியில் படமெடுத்து அரபிக்கு மாற்றுகிறார். தாளில் மூன்று கேள்விகள்: ஆப்பிள் கணக்கு ஒன்று, 12 : 3 = ___ என்ற வகுத்தல் ஒன்று, கோடிட்ட இடத்தை நிரப்பும் இலக்கணப் பயிற்சி ஒன்று. (ஜெர்மன் பள்ளிகளில் வகுத்தல் குறியே இரட்டைப் புள்ளிதான்.)

செயலி முதலில் படத்தின் சாய்வை நேராக்கும். எங்கெங்கே எழுத்து இருக்கிறது என்று கட்டம் கட்டமாகப் பிரிக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளதைப் படித்து, மொழிபெயர்த்து, பழைய எழுத்தின் மேல் வெள்ளை பூசி அரபியை எழுதும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பெரிய சிக்கல் வருவது, அந்த அரபி வரியைத் திரையில் அடுக்கும்போதுதான்.

அரபி வலமிருந்து இடமாக ஓடும். ஆனால் அதற்குள் வரும் எண்ணின் இலக்கங்கள் நம்மைப் போலவே இடமிருந்து வலமாக நிற்கும். 125 அங்கேயும் 125தான். இந்த இரண்டையும் ஒரே வரியில் அடுக்குவதற்கு யுனிகோடில் ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. அதன்படி எழுத்துகளுக்குத் திசை உண்டு. இடைவெளி, சமக்குறி போன்றவற்றுக்குச் சொந்தத் திசை கிடையாது, சுற்றியுள்ளதைப் பார்த்து நடந்துகொள்ளும். 12:3 என்று ஒட்டி எழுதினால் அந்தப் புள்ளிகள் எண்ணோடு எண்ணாகச் சேர்ந்து வரிசை மாறாமல் இருக்கும். நடுவில் இடைவெளி விட்டு 12 : 3 = ___ என்று எழுதினால், ஒவ்வொரு துண்டும் அரபி வரியின் ஓட்டத்தில் வலமிருந்து அடுக்கப்படும். திரையில் தெரிவது இது:

```
___ = 3 : 12
```

வலமிருந்து படித்துப் பழகிய அம்மாவுக்கு இது சரியாகவே படும்: பன்னிரண்டை மூன்றால் வகு, விடை 4. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் இடமிருந்து படிப்பான். அவனுக்கு அது மூன்றைப் பன்னிரண்டால் வகுக்கும் கணக்கு. ஒரே திரை, இரண்டு கேள்விகள். கூட்டலில் இது மாட்டிக்கொள்ளாது, எப்படிப் படித்தாலும் விடை ஒன்றுதான். கழித்தலிலும் வகுத்தலிலும்தான் வேலையைக் காட்டும்.

சரி, இதை எப்படித் தடுப்பது? கணக்கை மொழிபெயர்ப்பானிடமே கொடுக்கக் கூடாது. தனியே எடுத்து வைத்து, திரையில் காட்டும்போது இதன் திசை இடமிருந்து வலம் என்று HTML-இல் வேலி போட்டுவிட வேண்டும்:

```
<bdi dir="ltr">12 : 3 = ___</bdi>
```

இந்த வேலிக்குள் இருப்பதைச் சுற்றியுள்ள அரபி கலைக்காது.

அடுத்தது ஆப்பிள் கணக்கு. "லேனாவிடம் 2 ஆப்பிள்கள் உள்ளன. இன்னும் 5 வாங்குகிறாள்." அரபியில் ஒருமை, பன்மை போக இருமையும் உண்டு. 'துஃப்பாஹதான்' என்ற ஒரே சொல் 'இரண்டு ஆப்பிள்கள்' என்று சொல்லிவிடும். நல்ல அரபியில் எழுதினால் 2 என்ற இலக்கமே காணாமல் போகும்! மொழிபெயர்ப்பில் தவறில்லை. ஆனால் குழந்தை விரல் வைத்துக் காட்டிய 2 எங்கே என்று அம்மா தேட வேண்டியிருக்கும். அதனால் மொழிபெயர்க்கும் முன் எண்களுக்குப் பதிலாக அடையாளங்களை வைத்துவிட்டு, பின்னர் அதே எண்களைத் திரும்பப் போடுவது நல்லது. மொழிநடை கொஞ்சம் முரடாகும். வீட்டுப்பாடத்துக்கு அது போதும்.

மூன்றாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. "சரியான சுட்டை எழுதுக: ___ டிஷ்." ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் சுட்டுகள் டெர், டீ, டாஸ் என்று பாலுக்கு ஒன்றாக மூன்று. டிஷ் என்றால் மேசை, ஜெர்மனில் ஆண்பால், ஆகவே டெர். இதை அரபிக்கு மாற்றினால் 'தாவிலா'. அங்கே அது பெண்பால். அரபியைப் பார்த்து அம்மா 'டீ' என்று சொன்னால் விடை தப்பு. சூரியனும் நிலவும் வந்திருந்தால் தப்பித்திருப்பார். இரண்டு மொழியிலும் சூரியன் பெண்பால், நிலவு ஆண்பால். ஆக, இங்கே 'சரியான சுட்டை எழுதுக' என்ற கட்டளையை மட்டும் மொழிபெயர்க்க வேண்டும். சோதிக்கப்படும் சொல்லை ஜெர்மனிலேயே விட்டு, பொருளை வேண்டுமானால் ஓரத்தில் குறிக்கலாம்.

இதனால்தான் மேலே பூசி எழுதும் செயலிகளை நான் நம்புவதில்லை. பையன் பென்சிலால் எழுதியதும் விடைக்கான கோடும் அந்த வெள்ளைப் பூச்சில் மறைந்துபோகலாம். படத்தை அப்படியே விட்டு, கேள்வி எண் போட்டு அரபியைக் கீழே தனியாகத் தருவது மேல். அப்புறம் இரண்டிலும் உள்ள இலக்கங்களைக் கேள்விவாரியாக ஒப்பிட்டால், தொலைந்த எண்ணும் கூடுதலாக முளைத்த எண்ணும் உடனே தெரியும். மொழிபெயர்ப்பான் விடையையே எழுதிவைத்திருந்தால் அதுவும் கூடுதல் எண்ணாகப் பிடிபடும். பிடிபடாதது ஒன்று உண்டு: 'லேனாவைவிட 3 குறைவு' என்பது '3 அதிகம்' என்று மாறியிருந்தால், இலக்கங்கள் எல்லாம் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகும்.