பேட்டரியில் குறைவது தண்ணீர்தான், அமிலம் அல்ல

இன்வெர்ட்டர் பேட்டரியின் மிதவை சிவப்புக் குறிக்கு இறங்கியதும் 'ஆசிட் குறைந்துவிட்டது' என்பார்கள். அமிலம் எங்கும் போவதில்லை. தகடுகள் ஏறக்குறைய நிரம்பிய பிறகும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், அதாவது 12 வோல்ட் பேட்டரியில் மின்னழுத்தம் சுமார் 14.4 வோல்ட்டைத் தொட்டால், மிஞ்சிய மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். அந்த வாயுக்கள் மூடியிலுள்ள துளை வழியே போய்விடும். கந்தக அமிலம் உள்ளேயே தங்கிவிடும்.

போனது தண்ணீர் என்பதால் ஊற்றவேண்டியதும் தண்ணீர்தான். ஆனால் குழாய் நீர் கூடாது. அதிலுள்ள இரும்பும் குளோரைடும் பேட்டரியை உள்ளுக்குள்ளேயே கெடுக்கும். டிஸ்டில்டு வாட்டரையும் முழு சார்ஜ் ஏறிய பிறகே ஊற்றவேண்டும். சார்ஜ் ஏறும்போது உள்ளிருக்கும் கரைசலின் மட்டம் உயரும். முன்பே நிரப்பி வைத்தால் வழிந்து, கூடவே அமிலத்தையும் கொண்டுபோய்விடும். தகடே வெளியில் தெரிந்தால் மட்டும், அது மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டு சார்ஜ் செய்யலாம்.

மூடிய பேட்டரிகளில் இந்த இழப்பைக் குறைக்க ஈயச் சட்டத்தில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் கலக்கிறார்கள். வாயு குறைவாகவே உண்டாகும். ஸ்கூட்டர்களில் வரும் வகையில் அமிலம் கண்ணாடி இழைப் பஞ்சில் ஊறியிருக்கும். நேர்த்தகட்டில் பிறக்கும் ஆக்சிஜன் பஞ்சின் இடைவெளிகள் வழியே எதிர்த்தகட்டை அடைந்து மீண்டும் தண்ணீராகிவிடும். அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினால் மட்டும் வால்வு திறந்து வாயு வெளியேறும். அப்படிப் போன தண்ணீரைத் திரும்ப ஊற்ற வழியே இல்லை. 'பராமரிப்பு தேவையில்லை' என்ற விளம்பரத்தை நான் அப்படியே நம்புவதில்லை: தண்ணீர் ஊற்றும் வேலைதான் இல்லை, சார்ஜர் சரியாக இருக்கவேண்டிய கட்டாயம் இங்கே இன்னும் அதிகம்.

குறைந்த மின்சாரத்தை மெல்ல மெல்லச் செலுத்தி பேட்டரியை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும் டிரிக்கிள் சார்ஜர் உதவுவது ஓடாமல் நிற்கும் வண்டிக்கு. நிறுத்திவைத்த காரிலும் அலாரம், கடிகாரம் போன்றவை மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி, 30 நாளில் ஏறக்குறைய 22. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது பாதிக்கும் மேல். சொந்த ஊருக்கு ஒரு மாதம் போய் வருபவருக்கு சார்ஜர் பயன்படும். தினமும் நெடுந்தூரம் ஓட்டுபவருக்குத் தேவையில்லை.

வாங்கும்போது, நிரம்பியதும் மின்னழுத்தத்தை 13.5 வோல்ட் அளவுக்குத் தானாகக் குறைத்துக்கொள்ளும் சார்ஜரா என்று பாருங்கள். ஒரே சீராக மின்சாரம் செலுத்திக்கொண்டே இருக்கும் பழைய வகையை வாரக்கணக்கில் விட்டுவைத்தால் தண்ணீர் வற்றும்.

காலியாகவே பல வாரம் கிடந்த பேட்டரியை எந்த சார்ஜரும் முழுதாக மீட்காது. தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டிருக்கும். முழுக்க சார்ஜ் செய்து, இணைப்புகளைக் கழற்றி ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு அருகில் காட்டும். 12.2-க்குக் கீழே இறங்கியிருந்தால் புதியது வாங்கவேண்டியதுதான்.