நீளம் சரி, விடை தப்பு

இரண்டு வரிசைகளின் மிக நீண்ட பொதுத் துணைவரிசையை, அதாவது இரண்டிலும் முன்பின் மாறாமல் இடைவிட்டாவது வரும் மிக நீண்ட தொடரைக் கண்டுபிடிக்கும் நிரல்கள் மதிப்பாய்வுக்கு வரும்போது, நீளம் கணக்கிடும் பகுதியை நான் மேலோட்டமாகத்தான் பார்ப்பேன். அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தவறு ஒளிந்திருப்பது, அந்தத் துணைவரிசையையே எடுத்துக் கொடுக்கும் கடைசிச் சில வரிகளில்.

அடிக்கடி கண்ணில் படும் ஒரு வடிவம் உண்டு. அட்டவணையை நிரப்பிக்கொண்டே போகும்போது, இதுவரை கண்ட அதிகபட்ச நீளம் எப்போதெல்லாம் கூடுகிறதோ அப்போதெல்லாம் அந்த எழுத்தைப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். முதல் வரிசை க, ட, ம, ப என்றும் இரண்டாவது ட, ம, க, ப என்றும் வைத்து, அட்டவணையைப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது, இரண்டு வரிசைகளிலும் அதுவரை வந்த பகுதிகளின் மிக நீண்ட பொதுத் துணைவரிசையின் நீளம்.

```
      ட  ம  க  ப
க     0  0  1  1
ட     1  1  1  1
ம     1  2  2  2
ப     1  2  2  3
```

முதல் வரியில் க பொருந்தியதும் அதிகபட்சம் 1 ஆகிறது, க சேர்கிறது. மூன்றாம் வரியில் ம வந்ததும் 2. கடைசி வரியில் ப வந்ததும் 3. கிடைக்கும் விடை க, ம, ப. நீளம் 3, அட்டவணை சொல்வதும் 3. ஆனால் இரண்டாவது வரிசையில் ம முதலில் வருகிறது, க அதற்குப் பிறகுதான். ஆகவே இது துணைவரிசையே இல்லை. முதல் வரியில் 1 கொடுத்த க ஒரு பாதையைச் சேர்ந்தது, மூன்றாம் வரியில் 2 கொடுத்த ம வேறொரு பாதையைச் சேர்ந்தது. எந்தப் பாதை வெல்லும் என்பது அட்டவணை முழுதும் நிரம்பிய பிறகுதான் தெரியும்.

அதனால்தான் கீழ் வலது மூலையிலிருந்து பின்னோக்கி நடக்கிறோம். நிரலில் x, y இரண்டு வரிசைகள்; L அதே அட்டவணைதான், மேலே ஒரு வரியும் இடப்பக்கம் ஒரு நிரையும் பூச்சியங்களாகச் சேர்த்தது.

```
i, j, out = len(x), len(y), []
while i and j:
    if x[i-1] == y[j-1]:
        out.append(x[i-1])
        i -= 1
        j -= 1
    elif L[i-1][j] >= L[i][j-1]:
        i -= 1
    else:
        j -= 1
out.reverse()
```

மூலையில் ப பொருந்துகிறது; எடுத்துக்கொண்டு குறுக்காக மேலே போகிறோம். அங்கே ம-வும் க-வும் பொருந்தவில்லை. மேலே 1, இடப்பக்கம் 2 என்பதால் இடப்பக்கம் போகிறோம். அங்கே ம, அப்புறம் குறுக்கே ட. திருப்பிப் படித்தால் ட, ம, ப. அந்த ஒப்பீட்டைச் செய்யாமல் கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறினால் க, ப என்ற இரண்டோடு முடிந்துவிடும்.

மேலே உள்ள எண்ணும் இடப்பக்க எண்ணும் சமமாக இருந்தால் எப்பக்கம் போனாலும் நீளம் குறையாது, ஆனால் விடை மாறலாம். ஆகவே சோதனையில் ஒரே ஒரு விடையை எழுதி வைத்து ஒப்பிடாதீர்கள். விடை இரண்டு வரிசைகளுக்கும் துணைவரிசையா, அதன் நீளம் அட்டவணையின் மூலை எண்ணோடு ஒத்துப்போகிறதா என்ற இரண்டையும் சோதியுங்கள். மேலே சொன்ன க, ம, ப முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

நினைவகத்தைச் சேமிக்க அட்டவணையின் இரண்டே வரிகளை வைத்துக்கொண்டால் நீளம் கிடைக்கும், பாதை போய்விடும். தலா 20,000 வரி உள்ள இரண்டு கோப்புகளுக்கு முழு அட்டவணை 40 கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்றால் 1.6 ஜிபி. எண்ணுக்குப் பதிலாகத் திசையை மட்டும் 2 பிட்டில் வைத்தால் 100 எம்பியில் அடங்கும். அதுவும் கட்டுப்படியாகாதபோது ஹிர்ஷ்பெர்க் 1975-இல் வெளியிட்ட முறை இருக்கிறது. முதல் வரிசையை நடுவில் வெட்டி, மேல் பாதிக்கு முன்னிருந்தும் கீழ்ப் பாதிக்குப் பின்னிருந்தும் நீளங்களைக் கணக்கிட்டு, கூட்டுத்தொகை அதிகமாகும் இடத்தில் இரண்டாவது வரிசையை வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு பாதிக்கும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். நேரம் ஏறத்தாழ இரட்டிப்பாகும், ஆனால் இரண்டு மூன்று வரிகளுக்கான இடமே போதும்.

தமிழ்ச் சொற்களை ஒப்பிடுகிறவர்களுக்கு இன்னொன்று. 'பாடு', 'பீடு' இரண்டுக்கும் பொது எழுத்து 'டு' ஒன்றுதான். நிரல் யூனிகோட் குறியீடுகளாகப் பார்த்தால் நீளம் 3 என்று சொல்லி, 'படு' என்ற சொல்லைக் கட்டி எழுப்பும். ப என்ற எழுத்து இரண்டு சொல்லிலும் இல்லை. ஆ, ஈ குறிகளைக் கழற்றியதால் வந்தது அது. சில நேரம் துணைக்கால் மட்டும் தனியே நிற்கும், அதையாவது கண்டுபிடித்துவிடலாம். 'படு' மாதிரி நல்ல சொல்லாக வந்தால் யாருக்கும் சந்தேகமே எழாது. முதலில் இரண்டு சரங்களையும் `NFC` வடிவத்துக்கு மாற்றி, பைத்தானில் என்றால் `regex` தொகுப்பின் `\X` கொண்டு எழுத்தெழுத்தாகப் பிரித்து, அந்தப் பட்டியல்களை மேலேயுள்ள நிரலுக்குக் கொடுங்கள். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியதில்லை.