பிஸ்கட்டுக்குள் கம்பி இருந்தால், முதலில் அந்த உறையை எறியாதீர்கள்

பிஸ்கட் தொழிற்சாலையொன்றின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முறைப்பாட்டுக் கடிதங்களைப் பார்ப்பது என் வேலை. அண்மையில் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். பிள்ளை கடித்த பிஸ்கட்டில் ஒரு மெல்லிய கம்பித் துண்டு. இரண்டு பக்கக் கடிதம், அவர் கோபத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கம்பியைக் கழுவித் துடைத்து, தாளில் ஒட்டி அனுப்பியிருந்தார். பிஸ்கட்டும் உறையும் குப்பைக்குப் போய்விட்டன. இப்படி எத்தனை கடிதங்கள்!

"சீல் உடைக்காத பக்கற், கம்பியும் கையில் இருக்கிறது, இன்னும் என்ன சாட்சி வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கம்பி மட்டும் சாட்சியாகாது. அது மாவோடு வந்ததா, வெந்த பிறகு விழுந்ததா, பக்கற் பிரித்த பிறகு சேர்ந்ததா என்பதைச் சொல்வது பிஸ்கட்தான். மாவுக்குள் இருந்து வெந்த கம்பியைச் சுற்றி அதன் அச்சு அப்படியே பதிந்திருக்கும். பிஸ்கட்டை உடைத்துக் கம்பியை உருவினால் அந்த அச்சு போய்விடும். பூச்சியென்றாலும் இதே கதைதான். அடுப்புச் சூட்டில் வெந்த பூச்சியின் உடலில் சில நொதிகள் செயலிழந்துவிடும். ஆய்வுகூடம் பார்ப்பது அதைத்தான். கழுவி, சுடுநீரில் போட்டுக் கொண்டுவந்தால் என்னத்தைப் பார்ப்பது?

உறையில் அச்சிட்ட தொகுதி இலக்கம் இருந்திருந்தால், அந்த நாளில் எடுத்து வைத்த மாதிரிப் பக்கற்றுகளைத் திறந்திருப்போம். உலோகம் கண்டறியும் கருவியின் பதிவேட்டைப் பார்த்திருப்போம். (மெல்லிய கம்பி, அது போகும் வாக்கைப் பொறுத்து, அந்தக் கருவியிலும் தப்பலாம்.) அடுப்பினுள் ஓடும் கம்பிவலைப் பட்டியில் இழை அறுந்திருக்கிறதா என்று அந்தக் கம்பியோடு ஒப்பிட்டிருப்போம். அதே தொகுதி இன்னும் கடைகளில் இருந்தால் திருப்பி எடுத்திருப்போம். இலக்கம் இல்லாமல் எந்தக் கடையில் எதைத் தேடுவது?

ஆகவே பிள்ளையின் வாயைப் பாருங்கள். வெட்டோ விழுங்கிய சந்தேகமோ இருந்தால் உடனே வைத்தியரிடம் போங்கள். அப்புறம் எதையும் பிரிக்காமல் படம் எடுங்கள். கடித்த பிஸ்கட், மிச்ச பிஸ்கட், உறை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி வையுங்கள். பூச்சியென்றால் ஃப்ரீசரில் வையுங்கள். கடிதத்தில் தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, வாங்கிய கடை, நாள், எப்போது பிரித்தீர்கள் என்பதை எழுதினால் போதும், அரைப் பக்கத்தில் முடியும். பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியொன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

பொருளை முழுவதுமாக எங்களிடம் தந்துவிடாதீர்கள் என்று நானே சொல்கிறேன். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் காட்டுங்கள். எங்கள் ஆள் வந்து கேட்டால் கையொப்பமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். பதிலே வரவில்லையென்றால், வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிட வேண்டும். தயவுசெய்து எங்கள் பதிலுக்காகக் காத்திருந்து அந்தக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.