மலைமேல் பள்ளியின் காற்றழுத்தமானி பொய் சொல்கிறதா?

ஓசூரிலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பள்ளி வானிலை நிலையத்தில் காற்றழுத்தம் 912 ஹெக்டாபாஸ்கல் காட்டுகிறது. சென்னையில் 1008 என்கிறார்கள். கருவி பழுதா? மழைமானியையும் எப்படிச் சோதிப்பது?"

மழைமானியை முதலில் முடித்துவிடலாம். வாய்ப்பரப்பு 200 சதுர சென்டிமீட்டர் என்றால் 1 மில்லிமீட்டர் மழைக்கு 20 மில்லிலிட்டர் நீர் சேரும். அரை லிட்டரை அளந்து ஊற்றினால் 25 மி.மீ. காட்ட வேண்டும். சாய்வாளி வகை மழைமானியில் மடமடவென்று ஊற்றக்கூடாது. வாளி கவிழும் நொடியில் வரும் நீர் கணக்கில் சேராமல் போகும், அளவு குறைவாகத் தெரியும். அடியில் சிறு துளையிட்ட பாட்டிலில் ஊற்றி, அரை மணி நேரமாவது சொட்டவிடுங்கள். குடுவையில் அளக்கும் வகையாக இருந்தால் வேறொரு சிக்கல் வரலாம். 100 ச.செ.மீ. வாய்க்கான அளவுக்குடுவையை 200 ச.செ.மீ. மானியோடு பயன்படுத்தினால் எல்லா மழையும் இரட்டிப்பாகப் பதிவாகும். காலை 8.30க்கு அளந்து பக்கத்து நிலையத்தோடு சில வாரங்கள் ஒப்பிட்டால் இது தெரிந்துவிடும்.

இப்போது காற்றழுத்தம். 912 என்பது சரியான எண்தான். கடல்மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கும் கருவியின் தலைமேல் அவ்வளவு காற்று குறைவாக இருக்கிறது. சென்னையோடு ஒப்பிட வேண்டுமானால், பள்ளிக்கும் கடல்மட்டத்துக்கும் இடையில் இல்லாத ஒரு காற்றுத்தூணை நாமே கற்பனை செய்து, அதன் எடையைச் சேர்க்க வேண்டும். ஓசூருக்கு அடியில் இருப்பது பாறை, காற்று இல்லை. ஆனாலும் அந்தக் காற்றுக்கு வெப்பநிலை கொடுத்தால்தான் அதன் எடை தெரியும். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

```
P0 = P × exp( h / (29.3 × T) )
```

P நிலையத்தின் அழுத்தம், h மீட்டரில் உயரம், T அந்தக் கற்பனைத் தூணின் சராசரி வெப்பநிலை, கெல்வினில். பள்ளியில் 25 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். கீழே இறங்க இறங்க கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி கூடும் என்று கொண்டால் அடியில் 31 டிகிரி வரும். சராசரி 28 டிகிரி, அதாவது 301 கெல்வின். கணக்கிட்டால் சுமார் 1008. சென்னையோடு ஒத்துப்போகிறது.

சரி, இதில் எங்கே தவறும்? முதலில் உயரம். செல்பேசி ஜி.பி.எஸ்.ஸை அப்படியே நம்ப வேண்டாம். பூமியை வழவழப்பான ஒரு நீள்கோளமாக வைத்துத்தான் அது உயரம் கணக்கிடுகிறது. நம் பகுதியில் உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்துக்குச் சுமார் 85 மீட்டர் கீழே இருக்கிறது. திருத்தம் செய்யாத செயலி 880க்குப் பதில் 795 காட்டும். விளைவாக விடை 10 ஹெக்டாபாஸ்கல் குறைந்து, 998 ஆகிவிடும். நல்ல வெயில் நாளில் புயல் வந்ததுபோல் இருக்கும்! ரயில் நிலைய மஞ்சள் பலகையில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். அதிலிருந்து தொடங்கி, பள்ளி அதைவிட எவ்வளவு மேலே, கருவி எந்த மாடியில் என்று கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பநிலை. உணரி வெயில் படும் இடத்தில் இருந்து 40 டிகிரி காட்டினால், கற்பனைத் தூண் சூடாகி லேசாகிவிடும். அப்போது அதே 912க்கு விடை 1003. மதியம் அழுத்தம் இறங்கி, மாலை ஏறும். இயல்பாகவே பகலில் அழுத்தம் 3, 4 ஹெக்டாபாஸ்கல் ஏறி இறங்கும் என்பதால் இந்தப் போலி இறக்கம் அதற்குள் ஒளிந்துகொள்ளும். இதைத் தவிர்க்கச் சில நாடுகளில் இப்போதைய வெப்பநிலையையும் 12 மணி நேரத்துக்கு முந்தையதையும் சராசரி செய்து T-க்கு எடுக்கிறார்கள். பள்ளிகளும் அப்படியே செய்யலாம்.

பக்கத்தில் பெங்களூரு விமான நிலையம் இருக்கிறதே என்று அதன் அறிக்கையைப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. விமானிகளுக்குத் தரும் அழுத்தம் (`Q1013` என்று வருவது) கடல்மட்டத்தில் 15 டிகிரி என்ற நிலையான வளிமண்டலத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நம் 912ஐ அப்படிக் கணக்கிட்டால் 1013 வரும். நம் விடையோ 1008. இரண்டு எண்களும் சரி, கேட்கும் கேள்விதான் வேறு. விமான நிலையத்தோடு ஒப்பிடுவதானால் அவர்களுடைய கணக்கையே பள்ளிக்கும் போட்டு ஒப்பிட வேண்டும்.

கருவி வாங்கப் பணம் தருபவர்கள், ஆண்டுக்கு ஒருமுறை நம்பகமான ஒரு கருவியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கவும் சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அதுவரை, காற்று அடங்கிய நாட்களில் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளைப் பக்கத்து நிலையத்தோடு ஒரு தாளில் குறித்து வாருங்கள். வித்தியாசம் எப்போதும் 2 என்று நிலையாக இருந்தால், கருவியிலோ உயரத்திலோ பிழை. உயரம் சரி என்று உறுதியானால், அந்தத் திருத்தத்தை 912-இலேயே போடுங்கள், கடல்மட்ட எண்ணில் அல்ல. மதியம் மட்டும் வித்தியாசம் கூடினால், வெப்பநிலை உணரிக்கு நிழல் வேண்டும். வாரத்துக்கு வாரம் ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் உணரியின் ஆயுள் முடிகிறது, மாற்றிவிடலாம்.